மாசக் கட்டணத்துல இருந்து வருஷத்துக்கு மாறலாமா? நடுவுல நிறுத்தினாலும் நிறுத்துவேன்

செந்தூல்_படக்காரி
வணக்கம். படம் எடிட் பண்ற சாப்ட்வேருக்கு மாசம் 60 வெள்ளி போய்க்கிட்டிருக்கு. வருஷத் திட்டத்துக்கு மாறினா மாசம் 48தான்னு காட்டுது, 20% மிச்சமாம். ஆனா முழு வருஷமும் வச்சிருப்பேனான்னு எனக்கே தெரியல. சலுகை ஞாயிற்றுக்கிழமையோட முடியுது. மாறிடவா? சீக்கிரம் சொல்லுங்க.

கிள்ளான்_குமார்
48ன்னா மாசாமாசம் 48 எடுப்பாங்களா, இல்ல ஒரேயடியா 576 இழுத்துடுவாங்களா? எப்ப நிறுத்துற மாதிரி இருக்கும்? இது ரெண்டும் தெரியாம என்ன சொல்றது?

பத்துமலை_ரவி
மாறிடுங்க தங்கச்சி. வேணாம்னா கார்டை பிளாக் பண்ணிட்டா முடிஞ்சுது. நான் ஜிம்முக்கு அப்படித்தான் பண்ணேன்.

பழைய_கணக்கர்
இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவை இங்க வருது. கால்குலேட்டர் எல்லார் போன்லயும் இருக்குன்னு நினைக்கிறேன். 576ஐ 60ஆல வகுத்தா 9.6. அதாவது பத்து மாசம் ஓட்டினாத்தான் வருஷக் கட்டணம் லாபம். முழுசா ஓட்டினா 144 வெள்ளி மிச்சம். ஆறாவது மாசத்தோட நிறுத்தினா 360ல முடிஞ்சிருக்க வேண்டியதுக்கு 576 கட்டியிருப்பீங்க, 216 நட்டம். பாதியில நிறுத்த பத்துக்கு நாலுக்கு மேல வாய்ப்பு இருந்தா மாறாதீங்க. இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

ஷாஆலம்_செல்வம்
அண்ணே, வெளிநாட்டு சாப்ட்வேருக்கு 8% சேவை வரி இருக்கே, அதைச் சேர்க்கலையே? 2024 மார்ச்சுக்கு முன்ன 6%தான். கணக்கே மாறிடும்.

பழைய_கணக்கர்
ரெண்டு பக்கமும் அதே 8%தானே ஏறுது தம்பி. 9.6 அப்படியே 9.6தான். வெள்ளிக் கணக்கு கொஞ்சம் பெருசாகும், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ்_தேவி
ஒரு டிசைன் ஆபீஸுக்கு இந்த சந்தாக்களைப் பார்த்துக்கிறது என் வேலை. ஐயா சொன்ன கணக்கு சரி, ஆனா 576ஐ முன்கூட்டியே மொத்தமா கட்டினாத்தான் அது பொருந்தும். குமார் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. வருஷத் திட்டம்னு ஒரே பேர்ல ரெண்டு சரக்கு விக்கிறாங்க.

ஒண்ணு, முழுப் பணத்தையும் முதல்லயே கட்டுறது. நடுவுல ரத்து பண்ணா பெரும்பாலும் பணம் திரும்பி வராது, வருஷம் முடியிற வரைக்கும் பயன்படுத்திக்கலாம்.

இன்னொண்ணு, வருஷத்துக்கு ஒப்புக்கிட்டு மாசாமாசம் கட்டுறது. இது பார்க்க மாசக் கட்டணம் மாதிரியே இருக்கும். ஆனா நடுவுல விலகினா மீதி மாசங்களுக்கு அபராதம் உண்டு. Adobeல அது மீதித் தொகையில பாதி. இந்த அபராதத்தைச் சரியா காட்டாம ஒளிச்சு வச்சாங்கன்னு, அமெரிக்காவோட வர்த்தக ஆணையமான FTC சொல்லி, அந்த நாட்டு அரசாங்கம் 2024 ஜூன்ல அவங்க மேல வழக்கு போட்டுச்சு.

உங்களுக்கும் அதே பாதின்னு வச்சுக்குங்க. ஆறு மாசத்துல நிறுத்தினா இதுவரை கட்டினது 288, மீதி 288ல பாதி 144, ஆக 432. மாசக் கட்டணத்துல இருந்திருந்தா 360. நட்டம் 72தான், 216 இல்ல. எட்டு மாசம் தாண்டினாலே லாபம் வந்துடுது. அபராதம் பாதி இல்லாம முழுசுன்னா பழையபடி பத்து மாசம். அதனால பணம் கட்டுற பக்கத்துல சின்ன எழுத்துல `Annual, billed monthly`ன்னு இருக்கா, `Annual, prepaid`ன்னு இருக்கான்னு பாருங்க. ரத்து விதியையும் அங்கேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க. Adobeல முதல் 14 நாளுக்குள்ள ரத்து பண்ணா முழுப் பணமும் திரும்ப வந்துடும். உங்க ஆளுங்க எத்தனை நாள் கொடுக்கிறாங்கன்னு பாருங்க.

ரவி அண்ணே, கார்டை பிளாக் பண்ணா பணம் போறது நிக்கும், ஒப்பந்தம் நிக்காது. பாக்கின்னு கேட்டு மெயில் வரும்.

பத்துமலை_ரவி
எனக்கு ஒரு மெயிலும் வரலையே.

பத்துமலை_ரவி
சரி, ஒரு தடவை வந்துச்சு.

ஷாஆலம்_செல்வம்
அநியாய அபராதம்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு. 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ்_தேவி
சொந்த உபயோகத்துக்கு வாங்கினதுன்னா கேக்கலாம். தொழிலுக்கு வாங்கினதுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இவங்க தொழில்காரங்க மாதிரி தெரியுது.

செந்தூல்_படக்காரி
மன்னிக்கணும், ஆர்டர் ஓடுது. கல்யாணப் படம்தான் தொழில். சிங்கப்பூர்ல ஒரு ஸ்டூடியோவுல வேலை கேட்டிருக்கேன், கிடைச்சா சாப்ட்வேர் அவங்களே தருவாங்க. ஆடி, மார்கழியில வேலையும் இருக்காது.

பிரிக்பீல்ட்ஸ்_தேவி
அட, அதை முதல்லயே சொல்லியிருந்தா கதை வேற. மாசக் கட்டணத்தோட பெரிய வசதியே வேலை இல்லாத மாசத்துல நிறுத்தி வைக்கலாம்கிறதுதான். ரெண்டு மாசம் நிறுத்தினா வருஷச் செலவு 600, வருஷத் திட்டத்தை விட 24 வெள்ளிதான் அதிகம். மூணு மாசம் நிறுத்தினா 540, மாசக் கட்டணமே மலிவு. 20% மிச்சம்னு அவங்க சொல்றது பன்னெண்டு மாசமும் பயன்படுத்துறவங்களுக்கு.

கிள்ளான்_குமார்
நானும் படம் எடுக்கிறவன்தான். அவ்வளவு சுலபமா நிறுத்திட முடியாது. ஆனியில எடுத்த கல்யாணத்தை ஆடியிலதான உக்காந்து எடிட் பண்றோம்? கேமராவுக்குத்தான் ஆடி, கம்ப்யூட்டருக்கு இல்ல. பில் தேதியையும் பாருங்க. ஆடி ஜூலை நடுவுல பிறந்து ஆகஸ்ட் நடுவுல முடியுது. பில் மாசத் தொடக்கத்துல விழுந்தா ஆடி ரெண்டு பில்லுல பாதி பாதியா விழும், எதையும் முழுசா விட முடியாது. 16, 17 தேதி வாக்குல இருந்தாத்தான் ஒரு மாசம் உருப்படியா மிச்சம்.

பத்துமலை_ரவி
இப்ப யாரு ஆடி பார்க்கிறா? போன வருஷம் எங்க தாமான்ல ஆடியிலயே ரெண்டு வரவேற்பு.

பழைய_கணக்கர்
வரவேற்பு வேற, தாலி கட்டுறது வேற. கோவில்ல போய்க் கேட்டுப் பாருங்க.

ஷாஆலம்_செல்வம்
தமிழ்க் கல்யாணம் மட்டும்தான் எடுப்பாங்களா? மலாய்க் கல்யாணம் பள்ளி விடுமுறையில குவியும், நோன்பு மாசத்துல இருக்காது. சீனருக்கு ஏழாம் மாசம் ஆகாது, அது ஆகஸ்ட் பக்கம் வருது. யாருக்கு எடுக்கிறாங்கன்னு தெரியாம எத்தனை மாசம் சும்மா இருப்பாங்கன்னு எப்படிச் சொல்றது?

பத்துமலை_ரவி
கோவில்ல நான் கேட்டாச்சு. முகூர்த்தம் இல்லன்னுதான் சொன்னாங்க, கூடாதுன்னு சொல்லல.

பழைய_கணக்கர்
ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே விளக்கிடுங்க.

செந்தூல்_படக்காரி
பார்த்துட்டேன். `Annual, billed monthly`தான், விலகினா மீதியில பாதி. பில் தேதி 3. சிங்கப்பூர் பதில் பொங்கலுக்கு அப்புறம்தான் வருமாம், அதனால மாறல, மாசக் கட்டணத்துலயே விட்டுட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கிள்ளான்_குமார்
நிறுத்திட்டுத் திரும்பச் சேரும்போது அதே 60 கிடைக்குமா, இல்ல அன்னைக்கு இருக்கிற விலையான்னு கேட்டீங்களா? கிளவுட்ல ஏத்தி வச்சிருக்கிற ஆல்பத்தை எத்தனை நாள் விட்டு வைப்பாங்க?

பத்துமலை_ரவி
தங்கச்சி போயிடுச்சு போல. கணக்கர் ஐயா, பதிவுத் திருமணத்துக்கும் ஆடி பார்க்கணுமா?