பீரோ டைரி போதுமா?

மலைக்கோட்டை: எல்லா பாஸ்வேர்டையும் ஒரு டைரியில் எழுதி பீரோவில் வைத்துவிட்டேன். சாவி எங்கே என்று மனைவிக்குத் தெரியும். எனக்கு ஏதாவது ஆனால் டைரியைத் திறந்தால் போதும். இதற்குப் போய் ஆப், சந்தா என்று செலவு செய்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நூல்கண்டு: இதைப் படித்ததும் வயிறு எரிந்தது. என் அண்ணனும் இப்படித்தான் டைரி எழுதி வைத்திருந்தார். போன வருடம் மூளையில் ரத்தக்கசிவு, பத்தொன்பது நாள் ஐசியூ. பாஸ்வேர்டு எல்லாம் சரி, வங்கித் தளம் ஏற்றுக்கொண்டது. அடுத்து ஓடிபி கேட்டது. போன் அண்ணி கையில்தான் இருந்தது. முதல் நாள் அண்ணன் விரலை வைத்துத் திறந்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. திரும்பப் போட்டால் விரலை ஏற்கவில்லை. அணைந்து எழுந்த போன் பின் நம்பரைத்தான் கேட்கும். அந்த ஆறு இலக்கம் டைரியில் இல்லை. கணக்கில் ஆறு லட்சம் இருக்க, அட்வான்ஸ் கட்ட அண்ணி வளையலை அடகு வைத்தார். உங்கள் டைரியில் போன் பின் இருக்கிறதா, இல்லையா?

மலைக்கோட்டை: போனைத் திறக்க முடியாவிட்டால் சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட வேண்டியதுதானே? இது கூடத் தெரியாமலா இவ்வளவு பெரிய கதை?

நூல்கண்டு: போட்டோம். சிம்முக்கும் அண்ணன் பின் வைத்திருந்தார். மூன்று தடவை தப்பாகப் போட்டதும் திரையில் PUK என்ற திறப்பு எண்ணைக் கேட்டது. அதைப் பத்துத் தடவை தவறவிட்டால் சிம்மே செத்துவிடும் என்பதால் அங்கேயே நிறுத்திவிட்டோம். கடைக்குப் போனால், யார் பேரில் சிம் இருக்கிறதோ அவரே வர வேண்டும் என்றார்கள். அவர் வென்டிலேட்டரில் இருந்தார்.

மலைக்கோட்டை: சிம்முக்கு பின் நம்பர் போடச் சொன்னது யார்? தவறு உங்கள் அண்ணனுடையது, டைரியுடையது இல்லை.

நூல்கண்டு: போனைத் திருடுபவன் சிம்மை மாற்றி ஓடிபி வாங்கக் கூடாது என்றுதான் போட்டார். நல்ல காரியம்தான் செய்தார். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. போன் பின் டைரியில் இருக்கிறதா?

வைகை_பாலு: ஏன் இவ்வளவு சண்டை? நாமினி போட்டால் முடிந்தது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம்.

நூல்கண்டு: பாலு அண்ணா, நான்கு பேர் சரிதான். ஆனால் ஆள் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு எந்த அதிகாரமும் இல்லை. இறப்புச் சான்றிதழோடு போனால்தான் வங்கி பேசும். கோமாவில் இருப்பவருக்கு எந்தச் சான்றிதழைக் காட்டுவது?

வைகை_பாலு: அப்போ பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாமே.

நூல்கண்டு: எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தம் இல்லாமல் போனால் அந்தப் பவரும் முடிந்துவிடும். ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. கோமாவில் இருக்கும் கணவரின் சொத்தைக் கையாள மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2024இல்தான் பாதுகாவலர் என்று உத்தரவு வாங்கினார். நேர்மையான வழி ஒன்று உண்டு. வீட்டுச் செலவுக்கும் ஆஸ்பத்திரிக்குமான பணத்தைக் கூட்டுக் கணக்கில் வைப்பது, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில். அண்ணிக்கு அவர் பேரிலேயே கார்டு இருந்திருந்தால் அந்த போனே தேவைப்பட்டிருக்காது.

மலைக்கோட்டை: ஆக, போனே தேவையில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

நூல்கண்டு: பணத்துக்குத் தேவையில்லை என்றேன். மெயில், இன்சூரன்ஸ், ஈபி பில், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது. பாதியை வெட்டிப் படிக்காதீர்கள். போன மாதம் பாஸ்வேர்டு மேனேஜர் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மலைக்கோட்டை: அந்த இழையில் நீங்கள் சொன்ன ஆப்பும் ஓடிபி வராமல் உதவாது, இல்லையா?

நூல்கண்டு: உதவும், ஓரளவுக்கு. பிட்வார்டனில் நாம் நம்பும் ஒருவரை முன்கூட்டியே சேர்க்கலாம். அவர் கேட்டதும் நமக்குத் தகவல் வரும். நாம் வைத்த கெடுவுக்குள், ஒரு நாள் முதல் 90 நாள் வரை வைக்கலாம், மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும். ஐசியூவை நினைத்து நான் இரண்டு நாள் வைத்திருக்கிறேன். கூகுளில் இருக்கும் Inactive Account Manager, கணக்கு குறைந்தது மூன்று மாதம் பயன்படாமல் கிடந்தால்தான் நாம் சொன்னவருக்குத் திறக்கும். ஆப்பிளில் வாரிசுத் தொடர்பாக ஒருவரைச் சேர்க்கலாம், ஆனால் அவரிடம் இருக்கும் சாவி மட்டும் போதாது, இறப்புச் சான்றிதழும் கேட்கும், அப்போதும் சேமித்த பாஸ்வேர்டுகளைத் தராது. இரண்டும் படுக்கையில் இருக்கும்போது உதவாது. அதனால்தான் அந்த ஆறு இலக்கத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

செல்வி_டீச்சர்: எங்கள் மாமியார் தவறியதும் அவர் ஏடிஎம் கார்டிலேயே எடுத்துக் காரியம் செய்தோம். பின் நம்பர் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை.

வைகை_பாலு: டீச்சர், அது தப்பு. இறந்தவர் கார்டில் எடுக்கக் கூடாது. மற்ற வாரிசு ஒருவர் புகார் கொடுத்தால் போதும்.

செல்வி_டீச்சர்: பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது சட்டம் பேச எனக்குத் தெரியாது. கொழுந்தனும் கூடத்தான் வந்தார். நீங்கள் யார் என்னைத் திருடி மாதிரிப் பேச?

வைகை_பாலு: திருடி என்று நான் எங்கே சொன்னேன்?

தென்றல்: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அவர் பேஸ்புக்கில் பிறந்தநாள் அறிவிப்பு எல்லோருக்கும் போகிறது, அம்மா அழுகிறாள். பாஸ்வேர்டு தெரியாது. என்ன செய்வது?

நூல்கண்டு: பாஸ்வேர்டு வேண்டாம்மா. இறப்புச் சான்றிதழை இணைத்து நினைவுக் கணக்காக மாற்றக் கேள், பிறந்தநாள் அறிவிப்பு நின்றுவிடும். அப்பாவின் பிரிபெய்ட் சிம்மையும் பார்த்துக்கொள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் நம்பர் துண்டிக்கப்படலாம், பிறகு வேறு யாருக்காவது போகும். அவர் மெயிலின் ஓடிபியும் அந்த ஆளுக்கே போகும்.

மலைக்கோட்டை: சரி, ஆறு இலக்கத்துக்கு வருவோம். போன் பின்னை டைரியில் எழுதினால், டைரி கிடைத்தவன் கையில் எல்லாமே போகும். பர்ஸில் டெபிட் கார்டும் இருந்தால், கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் ஓடிபியும் வைத்துப் புதிய யுபிஐ பின் போட்டுவிடலாம். இதையா வீட்டில் எழுதி வைக்கச் சொல்கிறீர்கள்?

நூல்கண்டு: இது உருப்படியான கேள்வி. டைரியிலேயே எழுதாதீர்கள். தனி உறையில் ஒட்டி, வேறு வீட்டில், நம்பும் ஆளிடம் கொடுங்கள். என் பின் என் நாத்தனார் வீட்டு லாக்கரில் இருக்கிறது.

வைகை_பாலு: பாதி இலக்கம் மனைவியிடம், பாதி தம்பியிடம் கொடுத்தால்?

நூல்கண்டு: மூன்று இலக்கம் தெரிந்தவனுக்கு மீதி ஆயிரம் சாத்தியம்தான். போன் நடுவில் காத்திருக்க வைக்கும், ஆனால் அவசரத்தில் தம்பி துபாயில் இருந்தால் உங்களுக்கே திறக்காது. வேண்டாம்.

மலைக்கோட்டை: நாத்தனாரை நம்பலாம், சொந்த பீரோவை நம்பக் கூடாது. நல்ல நியாயம்.

நூல்கண்டு: இன்று இரவு உங்கள் போனை அணைத்துத் திரும்பப் போடுங்கள். விரல் வைக்காமல் மனைவியிடம் டைரியோடு கொடுங்கள். அவர் உங்கள் மெயிலைத் திறந்து காட்டட்டும். நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிறகு வந்து எழுதுங்கள்.

மலைக்கோட்டை: எனக்கு யாரும் பரீட்சை வைக்க வேண்டாம். முப்பது வருடமாக அந்த டைரி இருக்கிறது.

நூல்கண்டு: போன் பின் அதில் இருக்கிறதா?

செல்வி_டீச்சர்: பாலு இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

தென்றல்: அக்கா, நினைவுக் கணக்கு கேட்கும் படிவம் எந்த இடத்தில் இருக்கிறது? தேடிக்கொண்டே இருக்கிறேன்.