20 நாள் சராசரியில் 5 சதவீதம்தான் வாங்கினேன், விற்கும்போது விலை ஏன் இப்படிச் சரிந்தது?

மாலைக்கணக்கு:
வணக்கம். என்எஸ்இயில் சிறு நிறுவனப் பங்குகளில் பிரேக்அவுட் முறையில் வாங்கி விற்கிறேன். விதிகளைப் பைதானில் எழுதிப் பழைய தரவில் சோதித்துவிட்டுத்தான் பணம் போட்டேன். எந்தப் பங்கிலும் அதன் 20 நாள் சராசரி வர்த்தக மதிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதிகளில் ஒன்று.

போன மாதம் ஒரு பங்கின் சராசரி 1.2 கோடி என்று வந்தது. 5 சதவீதம் 6 லட்சம். 150 ரூபாய் விலையில் 4,000 பங்கு வாங்கினேன், சிரமமே இல்லை. மூன்று வாரம் கழித்து 141-இல் ஸ்டாப்லாஸ் தட்டி மார்க்கெட் ஆர்டராகப் போனது. சராசரியாக 134.60-க்கு விற்றிருக்கிறது. பங்குக்கு 6.40 ரூபாய் என்றால் 25,600 ரூபாய் அதிக நஷ்டம். சோதனையில் அரை சதவீத ஸ்லிப்பேஜ்தான் வைத்திருந்தேன், இங்கே நாலரை சதவீதம் போயிருக்கிறது. அன்று முழுக்க நடந்த வியாபாரமே 12 லட்சம்தான். 1.2 கோடி சராசரி என்று காட்டிய பங்கில் இது எப்படி? கோடில் தப்பா?

நெல்லைக்காளை:
6 லட்சம் உங்கள் மொத்த முதலீட்டில் எத்தனை சதவீதம் சார்? ஒரே பங்கில் 5 சதவீதத்துக்கு மேல் போகவே கூடாது. நான் 3-க்கு மேல் போவதில்லை.

மாலைக்கணக்கு:
அது வேறு 5 சதவீதம் சார். மொத்த முதலீட்டில் அது 4 சதவீதம்கூட இல்லை. நான் கேட்பது அந்தப் பங்கில் தினமும் நடக்கும் வியாபாரத்தில் என் பங்கு எவ்வளவு என்பதை.

பழையதரகர்:
தம்பி, வாங்கிய நாளுக்கு முந்தைய 20 நாளின் வர்த்தக மதிப்பைத் தனித்தனியாகப் போடுங்கள். சராசரி வேண்டாம்.

மாலைக்கணக்கு:
18 நாள் ஏறக்குறைய 40 லட்சம், சில நாள் 35, சில நாள் 45. கடைசி இரண்டு நாள் மட்டும் 14 கோடி, 2.8 கோடி. அந்த 14 கோடி நாளில்தான் பிரேக்அவுட் சிக்னல் வந்தது. மறுநாள் 2.8 கோடி. அதற்கு அடுத்த நாள் நான் வாங்கினேன்.

பழையதரகர்:
கோடில் தப்பில்லை, சராசரியில்தான் தப்பு. 18 நாளும் சேர்ந்து 7.2 கோடி, கடைசி இரண்டு நாள் மட்டும் 16.8 கோடி. மொத்தம் 24 கோடியை 20-ஆல் வகுத்தால் 1.2 கோடி வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பங்கில் 1.2 கோடி வியாபாரம் நடந்த நாள் என்று ஒன்றுகூட இல்லை பாருங்கள். 20 எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 40 லட்சம். அதில் 5 சதவீதம் 2 லட்சம். நீங்கள் மூன்று மடங்கு வாங்கியிருக்கிறீர்கள்.

14 கோடி நாளுக்கான பல்க் டீல் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒருவர் ஒரே நாளில் நிறுவனத்தின் மொத்தப் பங்கில் அரை சதவீதத்துக்கு மேல் வாங்கினாலோ விற்றாலோ அதில் வந்துவிடும். பல்க் டீல் சாதாரண சந்தையிலேயே நடப்பதால் அன்றைய வர்த்தக மதிப்பில் கலந்துவிடும். அவர் வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார் என்றால், நீங்கள் விற்க வரும் நாளில் அந்த வியாபாரம் இருக்காது.

இதைவிட முக்கியமானது ஒன்று. பிரேக்அவுட் முறை, வியாபாரம் பொங்குகிற நாளாகப் பார்த்துத்தான் உங்களை வாங்கச் சொல்லும். அதனால் இந்தக் கோளாறு ஒரு பங்கில் தற்செயலாக வந்ததில்லை, உங்கள் எல்லா வாங்கலிலும் ஏறக்குறைய இருக்கும். வாங்கும்போது கூட்டம், விற்கும்போது வெறிச்சோடிய கடை.

கோவைநூல்:
20 நாளுக்குப் பதில் 60 நாள் சராசரி வைத்தால் போதுமே. நான் அப்படித்தான் செய்கிறேன், பிரச்சனை வந்ததில்லை.

பழையதரகர்:
பாதி சரி. மற்ற 58 நாளும் 40 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். 60 நாள் சராசரி ஏறக்குறைய 67 லட்சம் வரும், அனுமதி 3.3 லட்சம். 6-ஐவிட நல்லதுதான், ஆனால் அந்த ஒரு நாள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வியாபாரம் படிப்படியாக வற்றும் பங்கில் 60 நாள் தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும். நான் 20 நாள், 60 நாள் இரண்டுக்கும் மீடியன் எடுத்து, எது சிறியதோ அதை வைப்பேன். சிக்னல் நாளும் அதற்குப் பிந்தைய நாட்களும் கணக்கில் சேராது.

பைதான்பிரியை:
கோடு போடுகிறேன். என்எஸ்இயின் `sec_bhavdata_full` கோப்புகளை ஒன்றாக்கித் தேதி வரிசையில் அடுக்கிய பிறகு:

```python
df.columns = df.columns.str.strip()
df = df[df["SERIES"].str.strip() == "EQ"].reset_index(drop=True)
g = df.groupby("SYMBOL")["TURNOVER_LACS"]
m20 = g.transform(lambda s: s.shift(1).rolling(20).median())
m60 = g.transform(lambda s: s.shift(1).rolling(60).median())
df["cap_rs"] = m20.combine(m60, min) * 1e5 * 0.05
```

இதைச் சிக்னல் வந்த நாளின் வரிசையில் இருந்து எடுங்கள், வாங்கும் நாளின் வரிசையில் இருந்து அல்ல. `shift(1)` இருப்பதால் சிக்னல் நாளின் வியாபாரம் உள்ளே வராது. இந்தக் கோப்பில் தலைப்புப் பெயர்களுக்கு முன்னால் இடைவெளி இருக்கும், அதற்குத்தான் முதல் வரி. மதிப்பு லட்சத்தில் இருப்பதை மறந்து நான் ஒருமுறை ரூபாயாக எடுத்துவிட்டேன். எல்லாப் பங்குக்கும் அனுமதி சில ரூபாய்தான் வந்தது, அதனால் உடனே தெரிந்தது.

கரூர்தறி:
என் கதையும் இதேதான். என் கணக்கு, வீட்டம்மா கணக்கு, அப்பா கணக்கு மூன்றிலும் ஒரே பங்கை 2 லட்சம் 2 லட்சமாக வாங்கினேன். ஒவ்வொன்றும் அளவுக்குள்தான் இருந்தது. விற்கிற அன்று மூன்றும் ஒரே நிமிடத்தில் விற்கப் போய், நானே என் விலையை இறக்கிக்கொண்டேன்.

பழையதரகர்:
அளவு என்பது மூன்று கணக்கும் சேர்ந்ததற்குத்தான் ஐயா. சந்தைக்கு அது ஒரே ஆள் விற்பதுதான்.

மாலைக்கணக்கு தம்பிக்கு இன்னொன்று. உங்கள் சோதனையில் விற்பனை ஒரே விலையில், ஒரே நாளில் முடிந்துவிடுவதாக இருக்கும். அதை மாற்றுங்கள். ஒரு நாள் வியாபாரத்தில் 10 சதவீதம்தான் விற்கலாம், மீதி மறுநாளுக்கு என்று வையுங்கள். 12 லட்சம் நடக்கிற நாட்களில் அது 1.2 லட்சம். 6 லட்சத்தை விற்க 5 நாள், 2 லட்சம் என்றால் 2 நாள். அரை சதவீத ஸ்லிப்பேஜ் என்று எல்லாப் பங்குக்கும் ஒரே எண் வைப்பதைவிட இது உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

மாலைக்கணக்கு:
மிக்க நன்றி ஐயா. பல்க் டீல் பட்டியலில் அந்த 14 கோடி நாள் இருக்கிறது. ஒருவர் விற்க, இருவர் வாங்கியிருக்கிறார்கள். மீடியனுக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன். நிறைய பங்குகளில் அனுமதி பாதிக்கும் கீழே போய்விட்டது. லாபமும் குறைந்திருக்கிறது, சோதனையில் காட்டிய பெரிய லாபங்களில் சில இப்படிப்பட்ட பங்குகளில்தான் வந்திருக்கின்றன.

ஒரு சந்தேகம். பங்கு லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால்? அப்போது 2 லட்சமும் விற்காதே.

பழையதரகர்:
விற்காது. வாங்க ஆளே இல்லாத நாளில் சராசரியும் உதவாது, மீடியனும் உதவாது. 5 சதவீத விலை வரம்பில் இருக்கும் பங்குகளை நான் இந்த முறையில் தொடுவதே இல்லை. அது என் வழக்கம், சரியா என்று நிரூபிக்க என்னிடம் கணக்கு இல்லை.

பைதான்பிரியை:
EQ-இல் இருந்து BE-க்கு மாற்றிய பங்குகளும் இதே தலைவலிதான். இன்ட்ராடே கிடையாது என்பதால் வியாபாரம் சுருங்கிவிடுகிறது. மேலே போட்ட கோடில் அந்த நாட்கள் வடிகட்டப்பட்டுவிடுவதால், பங்கு EQ-க்குத் திரும்பும்போது பழைய மீடியனே நிற்கும். BE நாட்களையும் சேர்க்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.