புதுப்பிப்பு: மனை விளம்பரம், உண்மையான விசாரிப்பு எதில் வருகிறது?

நான் கேட்டிருந்தது: "முகநூல், நாளிதழ் வரி விளம்பரம், மனையில் போர்டு மூன்றுக்கும் செலவு செய்கிறோம். நிஜமாக வாங்குபவர் எதிலிருந்து வருகிறார் என்று எப்படி அளப்பது?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது மதுரை அண்ணாச்சி சொன்ன வழி: ஒவ்வொன்றுக்கும் தனி சிம் எண். "எங்கே பார்த்தீங்கன்னு கேட்டாலே போதும்" என்ற யோசனை பாதிதான் உதவியது. போர்டு எண்ணுக்கு அழைத்தவர்களே சிலர் "நெட்டில் பார்த்தேன்" என்றார்கள். வாடகை வீட்டு விளம்பரத்தில் தான் அளந்த கணக்கை எழுதிய நண்பருக்கு: அங்கே ஒரே நாளில் முடிவாகிவிடும், மனைக்கு அது பொருந்தவில்லை.

புரோக்கர்களைக் கழித்துவிட்டு, இடத்தை நேரில் பார்த்தவர்களையும் பத்திர நகல் கேட்டவர்களையும் மட்டும் எண்ணினோம். கே.டி.சி. நகர் ஐந்து சென்ட் மனைக்கு ஒரு மாதக் கணக்கு இது. முகநூலில் 60 பேர் விசாரித்து 3 பேர் தேறினார்கள். செலவு 6,000, ஆளுக்கு 2,000 ரூபாய். போர்டில் 11 அழைப்பு, 4 பேர். போர்டு செலவு 3,000, ஆளுக்கு 750. நாளிதழில் 2 பேர், ஆளுக்கு 1,200. ஒரு மனையின் கணக்குதான், எல்லா இடத்துக்கும் இதையே நீட்ட முடியாது.

முகநூல் விளம்பரப் படிவத்தை, அனுப்பும் முன் விவரத்தைச் சரிபார்த்து உறுதிசெய்யச் சொல்லும் Higher intent வகைக்கு மாற்றியபின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் திரும்ப அழைத்தால் எடுக்கிறார்கள்.

எதிர்பாராதது ஒன்று. பாளையில் அப்பா நாளிதழில் பார்த்துச் சொல்ல, துபாயில் இருக்கும் மகன் முகநூலில் தேடி அந்த எண்ணுக்கு அழைத்தார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இப்போதைக்கு இரண்டிலும் அரை அரையாக எழுதியிருக்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.