கிதார் ‘ஆக்‌ஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கையேடு எழுதுபவர்:
வணக்கம். முதல் கிதார் வாங்குவோருக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். ஸ்ட்ரிங்குக்குத் தந்தி, ஃபிரெட்டுக்கு மெட்டு, பிரிட்ஜுக்குக் குதிரை, நெக்குக்குத் தண்டி எல்லாம் வீணையிலிருந்தே கிடைத்துவிட்டன. ‘ஆக்‌ஷன்’தான் இடிக்கிறது. மெட்டிலிருந்து தந்தி எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே அது. ‘தந்தி இடைவெளி’ சரியா?

கிதார் பட்டறைக்காரர்:
வேண்டாம் ஐயா. இடைவெளி என்றால் ஒரு தந்திக்கும் பக்கத்துத் தந்திக்கும் உள்ள தூரம் என்று நினைப்பார்கள். பட்டறைக்கு வருபவர்கள் “கம்பி தூக்கலா இருக்கு” என்கிறார்கள். ‘தந்தித் தூக்கல்’ என்றே வைக்கலாம். 12ஆம் மெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தித் தந்தியின் அடிவரை அளக்க வேண்டும். தடித்த ஆறாம் தந்தி 2.5 மி.மீ., மெல்லிய முதல் தந்தி 2 மி.மீ. அளவில் இருந்தால் புது விரல்கள் தாங்கும்.

ஒரு அம்மா:
சொல் இருக்கட்டும். என் மகளுக்கு 11 வயது. போன மாதம் பெரிய டிரெட்நாட் கிதார் வாங்கினோம். மடியில் வைத்தால் வலது தோள் காதுவரை ஏறுகிறது. எஃப் கார்டு பிடித்தால் அழுகிறாள். இப்போது அளந்தேன், ஆறாம் தந்தி 3.5 மி.மீ. பிராண்டை மாற்றலாமா?

கல்லூரி மாணவர்:
அக்கா, தண்டிக்குள் ஒரு இரும்புக் கம்பி இருக்கும். சாவி போட்டு முறுக்கினால் தூக்கல் இறங்கிவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

கிதார் பட்டறைக்காரர்:
கொஞ்சம் இறங்கும் தம்பி, ஆனால் அது தண்டியின் வளைவைச் சரிசெய்யத்தான். வளைவு சரியாக இருக்கும்போது முறுக்கினால் முதல் சில மெட்டுகளில் தந்தி கரகரக்கும். அம்மா, குதிரைமேல் நிற்கும் வெள்ளைப் பட்டையைத் தேய்க்க வேண்டும். 12ஆம் மெட்டு தந்தி நீளத்தின் பாதியில் இருக்கிறது. அதனால் அங்கே 1 மி.மீ. இறங்க, பட்டையில் 2 மி.மீ. போக வேண்டும். அடிப்பக்கத்தைத்தான் தேய்க்கணும், மேல் வளைவைத் தொடக்கூடாது. பட்டை குதிரைக்கு மேலே 4 மி.மீ. தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம். 2 மி.மீ.தான் தெரிகிறது என்றால் அந்தக் கிதாரை மாற்றுவதே நல்லது.
தோள் ஏறுவது உடல் அளவால். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. மாற்றுவதென்றால் யமாஹா எஃப்எஸ்80சி, கோர்ட் ஏஎஃப்510 மாதிரிச் சின்ன உடல் கிதாரை மகள் மடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்கு ஸ்கேலையும் கொண்டுபோங்கள். ஒரே மாடலில் இரண்டு கிதார்களை அளந்தாலே தூக்கல் மாறும்.

கையேடு எழுதுபவர்:
குதிரைமேல் நிற்பதால் அந்தப் பட்டையைச் ‘சேணம்’ என்று எழுதப்போகிறேன். உடலை வீணை போலக் ‘குடம்’ என்கலாமா?

தமிழாசிரியை:
சேணம் அழகு. குடம் உருண்டையானது, கிதாருக்குப் பொருந்தவில்லை. ‘தூக்கல்’ எனக்கு உறுத்துகிறது. உப்பு தூக்கல் என்றால் அதிகம் என்றுதானே பொருள்? ‘குறைந்த தூக்கல்’ என்று எப்படி எழுதுவீர்கள்? நான் ‘தந்தி உயரம்’ பக்கம்.

கிதார் பட்டறைக்காரர்:
தந்தி உயரம் என்றால் முதல் மெட்டிலா, 12ஆம் மெட்டிலா என்று கேட்பார்களே, டீச்சர்.