முகம் தெரியாத வெபினாரில் குரல் கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டைக்காரி

போன வெயில்காலத்தில் நடந்தது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் அமைப்பு சுயஉதவிக் குழுப் பெண்களுக்காக வயிற்றுப்போக்கு, நீரிழப்பு பற்றி ஒரு வெபினார் வைத்தது. வீடியோ கிடையாது, குரல் மட்டும். காசிமேடு, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் என்று ஒவ்வொரு குழுவிலும் ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஆளுக்கொரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மெடிக்கலில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வாசிப்பது நான், ஸ்கிரிப்ட் மேலிடத்திலிருந்து வந்தது.

அதில் இப்படி இருந்தது: "கீழே காட்டியுள்ளபடி ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். அனைவருக்கும் புரிந்ததா?" எங்கே கீழே, யார் காட்டினார்கள்! சரி, வாசித்தேன். எல்லாக் குழுவிலிருந்தும் "புரிஞ்சுது மேடம்" என்று பதில் வந்தது. நேரம் மீதி இருந்ததால் ஸ்கிரிப்டில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். "காசிமேடு அக்கா யாராவது பாக்கெட்டைத் திருப்பி, தண்ணி எவ்வளவுன்னு போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க." கொஞ்ச நேரம் பாத்திரம் உருளும் சத்தம், ஒரு குழந்தை அழும் சத்தம். அப்புறம் ஒரு குரல், "இதுல இருநூறு எம்.எல்.னு இல்ல போட்டிருக்கு? நீங்க லிட்டர்னு சொன்னீங்களே?"

மற்ற குழுக்களும் திருப்பிப் பார்த்தார்கள். சிலரிடம் லிட்டர் பாக்கெட், சிலரிடம் 200 மில்லி பாக்கெட். சின்னதை லிட்டரில் கரைத்தால் உப்பு ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் அதைவிட ஆபத்து. இரண்டு நிமிஷம் முன்னால் இதே ஆட்கள்தான் புரிந்தது என்றார்கள். இதை எழுதும்போதே ஸ்கிரிப்டில் எப்படிக் கொண்டுவருவது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் ட்ரெய்னர்

கம்பெனிகளுக்கு இந்த வேலை செய்கிறேன். சுலபம்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கட்டாயம் எழுதிவிடுங்கள். கேள்வி இல்லாமல் பேசினால் ஆள் மெயில் பார்க்கப் போய்விடுவான். ஒருமுறை ஒரு பேங்க்காரருக்கு வட்டிக் கணக்கு பற்றிப் பேசி முடித்துவிட்டு "ஏதாவது சந்தேகம்?" என்றேன். யாரோ குறட்டை விடுகிற சத்தம்தான் பதிலாக வந்தது. மைக் திறந்திருந்தது பாவம். அதிலிருந்து ஐந்து நிமிஷக் கணக்கை விடுவதில்லை. பேச வேண்டியவர்களை `*6` அழுத்தச் சொல்லுங்கள், மியூட் போய்விடும். பேசக் கூச்சப்படுகிறவர்கள் `*9` அழுத்திக் கையைத் தூக்கட்டும்.

ராயபுரம் பழைய குரல்

ட்ரெய்னர் சாருக்கு: `*6`, `*9` இரண்டும் ஜூமில் எண்ணைப் போட்டு உள்ளே வருகிறவர்களுக்குத்தான். ஆப்பில் இருப்பவர் அதை எங்கே அழுத்துவார்? அவருக்குத் திரையில் மைக் பட்டன். ஆகவே ஸ்கிரிப்டில் இரண்டு வரியும் இருக்க வேண்டும், அதுவும் தொடங்கும்போது ஒருமுறை எல்லாரையும் அழுத்திப் பார்க்க வைத்துவிட வேண்டும். விஷயம் சூடு பிடித்த பிறகு சொன்னால் யாரும் தேடமாட்டார்கள்.

ஐந்து நிமிஷக் கணக்கும் எனக்கு ஒப்பவில்லை. "புரிந்ததா" என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டாலும் அந்த 200 மில்லி வெளியே வந்திருக்காது. தங்கச்சி கேட்டதில் வேலை இருந்தது. கை பாக்கெட்டைத் திருப்ப வேண்டும், கண் எண்ணைத் தேட வேண்டும், வாய் அதைப் படிக்க வேண்டும். பொய் சொல்ல இடமே இல்லை.

நான் வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராகச் சில வருஷம் இருந்தவன். அந்தப் பழக்கத்தில் உங்கள் இடத்தை நான் எழுதினால் இப்படி வரும்:

"இப்போது சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் ஓ.ஆர்.எஸ். கலக்கப் போகிறோம். கையில் பாக்கெட் இருக்கட்டும், இன்னும் பிரிக்க வேண்டாம். / பின்பக்கம் திருப்புங்கள். / தண்ணீர் எவ்வளவு என்று ஒரு எண் இருக்கும், தேடுங்கள். நான் பத்து விநாடி பேசமாட்டேன். லைன் கட்டாகவில்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறேன். // காசிமேடு குழு, அடுத்து உங்களைத்தான் கேட்கப்போகிறேன், போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். / காசிமேடு, உங்கள் பாக்கெட்டில் என்ன எண்? //"

ஒற்றைக் கோடு என்றால் மூச்சு விடும் நேரம். இரட்டைக் கோடு என்றால் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, தரமும் கூடியது. நேருக்கு நேர் வகுப்பிலேயே அப்படி. போனில் ஈரக் கையைத் துடைத்து, மியூட்டை எடுத்து, குரல் நம்மிடம் வந்து சேர வேண்டும், மூன்று எப்படிப் போதும்? வாசிப்பவருக்கு அந்தப் பத்து விநாடி யுகமாக இருக்கும். பயந்துபோய் "சரி, நானே சொல்லிடறேன்" என்று வாயைத் திறந்தால் அதோடு முடிந்தது, அப்புறம் எந்தக் கேள்விக்கும் யாரும் அசையமாட்டார்கள். நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பெயரை முன்னால் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பின்னால் வைத்ததையும் கவனியுங்கள். "என்ன எண் போட்டிருக்கு, காசிமேடு?" என்றால் பெயர் காதில் விழும்போது கேள்வி போயிருக்கும். "எல்லாரும் சொல்லுங்க" வேண்டவே வேண்டாம். ஒரே நேரத்தில் பல குரல் வந்தால் ஒன்றை ஒன்று வெட்டி வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

எண்ணூர் ஹைரோடு

எங்கள் அனுபவம் கொடுமை. வீட்டு வாசலில் கன்டெய்னர் லாரி வரிசை. நான் ஜி.எஸ்.டி. பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு டிரைவர் ஏர் ஹாரனை விட்டு எடுக்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் "சார் கப்பல்ல இருக்கீங்களா" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான், சிரிப்பு அடங்கவேயில்லை.

ஆகவே முதலில் மைக்கைப் பாருங்கள். லேப்டாப்பில் இருக்கிற மைக்கில் பேசாதீர்கள், இயர்போனோடு வருகிற மைக் போதும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் மூச்சு இரையாது. ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள், அலமாரியைத் திறந்து துணிகள் முன்னால் உட்காருங்கள், எதிரொலி குறையும். போனை சார்ஜில் போட்டபடி பேசினால் சில போன்களில் ஒரு ரீங்காரம் வரும். வேகமான நெட் முக்கியமில்லை, அறுந்து போகாத நெட் முக்கியம். வீட்டில் இருப்பவர்களிடம் மிக்ஸி போடக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரி

அண்ணா, மைக் நன்றாகத்தான் இருந்தது 🙂 நான் கேட்டது எழுதுவதைப் பற்றி.

எம்.சி.ரோடு தையல்

நான் கேட்கிற பக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், மெஷின் ஓடும்போதுதான் இந்த மாதிரிக் கூட்டமெல்லாம் கேட்பேன். ஒருமுறை கடன் திட்டம் பற்றிப் பேசிய ஒருவர் நடுநடுவே "எங்கே, எல்லாரும் ஒருமுறை கைதட்டுங்க பார்ப்போம்" என்றார். கையில் பட்டி பிடித்திருக்கிறேன், எதற்குத் தட்ட வேண்டும்? அதோடு ஆஃப் பண்ணிவிட்டேன்.

இன்னொருவர் பேச்சு மட்டும் மறக்கவில்லை. அந்தம்மா, "தைக்கிறவங்க தைங்க, சமைக்கிறவங்க சமைங்க. எங்க கையை நிறுத்தணுமோ அங்க நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். கால் மணி நேரம் கழித்து, "இப்ப மெஷினை நிறுத்துங்க, ஒரு நம்பர் சொல்லப்போறேன்" என்றார். நிறுத்தினேன். எண்ணை இரண்டு தடவை, ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். "இனி ஓட்டலாம்" என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் அப்படி நிறுத்தச் சொன்னது ரொம்பக் கொஞ்சம்தான், அதனாலேயே நான் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டிருந்தால் நானும் மதித்திருக்கமாட்டேன், ட்ரெய்னர் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெரம்பூர் ட்ரெய்னர்

கோபமில்லை. ஆனால் உங்களை மாதிரிக் கேட்கத் தானாக வந்தவர்கள் வேறு, ஆபீஸ் கட்டாயத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. அவர்களை இழுத்துக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். இதில் நான் மாறமாட்டேன்.

வியாசர்பாடி வெள்ளைக்கோல்

எனக்குப் பார்வை இல்லை. குரல் மட்டும் என்றால் எனக்கு வசதி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு முதலுதவி வகுப்பில் "சிவப்பு மூடி போட்ட பாட்டிலை எடுங்கள்" என்றார்கள். என் முன்னால் ஒரே மாதிரி மூன்று பாட்டில். மற்றவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள், நான் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ராயபுரம் சார் எழுதியதும் அழகுதான், ஆனால் "எண்ணைத் தேடுங்கள்" என்றால் என்னால் முடியாது. லிட்டர் பாக்கெட் இருபது கிராமுக்கு மேல் இருக்கும், சின்னது நாலு கிராம் சொச்சம். உள்ளங்கையில் வைத்தாலே தெரியும். "கனமாக, உள்ளே நிறையப் பொடி இருந்தால் பெரிது. இரண்டு ஸ்பூன் கூட இல்லாத மாதிரி இருந்தால் சின்னது. பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் எனக்கும் ஆயிற்று, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் ஆயிற்று.

ராயபுரம் பழைய குரல்

இதை நான் யோசிக்கவே இல்லை தம்பி. தடவிப் பார்க்கிற வரியை முதலில் வைத்து, எண்ணைப் பிறகு வைக்கலாம். அளக்கிற இடத்திலும் இதே சிக்கல் வரும். லிட்டர் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அது எல்லார் வீட்டிலும் இருக்கும். 200-க்கு டம்ளர் என்று சொல்லிவிடக் கூடாது, வீட்டுக்கு வீடு டம்ளர் அளவு வேறு. லிட்டர் பாட்டில் தண்ணீரை ஐந்து டம்ளரில் சமமாக ஊற்றச் சொன்னால் ஒன்று 200. ஊற்றும் வரை நீங்கள் சும்மா இருக்க வேண்டும், அங்கேயும் இரட்டைக் கோடு.

எம்.சி.ரோடு தையல்

ஒரு சந்தேகம். எங்கள் குழுவில் பாதிப் பேர் அன்றைக்கே கேட்பதில்லை, ரெக்கார்டிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதில் இந்தப் பத்து விநாடி வந்தால், போன் நின்றுவிட்டது என்று தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ராயபுரம் பழைய குரல்

அதற்குத் தனியாக எடுத்துவிடுங்கள். மௌனத்தையும் குழுப் பெயர்களையும் வெட்டிவிட்டு, "இங்கே நிறுத்தி வையுங்கள், எண்ணைப் பார்த்துவிட்டு ஓடவிடுங்கள்" என்று புதிதாகப் பேசிச் சேர்த்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரி

அதற்கு மனசு வரவில்லை சார். அந்தக் காசிமேடு அக்கா "லிட்டர்னு சொன்னீங்களே" என்று என்னை மடக்குகிற இடம் ரெக்கார்டிங்கில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு எர்ணாவூரிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, "எங்க வீட்டுல இருக்கறதும் சின்னதுதான்" என்றாள். நான் திருத்தமாகப் பேசி அனுப்பினால் அவள் பாக்கெட்டைத் திருப்பியிருப்பாளா தெரியவில்லை. மௌனத்தை மட்டும் குறைத்துவிட்டு, அந்த அக்காவின் குரலை விட்டுவைக்கலாம் என்று இருக்கிறேன். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.