கலைச்சொல்: வீடியோ முடிவுல தனியா நிக்கிற கறுப்பு ஃப்ரேம், சத்தமில்லாத வால் – என்ன பேர் வைக்கலாம்?

நிலாமதி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேரோட உதவிப் பக்கங்களைத் தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், எக்ஸ்போர்ட் பகுதிக்கு வந்ததும் பேர் இல்லாம நிக்குது. வீடியோ நல்லா ஓடி முடியிற இடத்துல கண்ணைச் சிமிட்டற நேரத்துக்கு ஒரு கறுப்பு வந்து போகும், இல்லன்னா படம் முடிஞ்ச பிறகும் சத்தமே இல்லாம கொஞ்ச நேரம் ஓடிட்டு நிக்கும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் போதுமா, இல்ல ரெண்டு வேணுமா?

சும்மா கேக்கக் கூடாதுன்னு நானே ஒரு ஃபைல் போட்டுப் பார்த்தேன். டைம்லைன் 25 ஃப்ரேம் வேகம், சரியா ஒரு நிமிஷம், ஆடியோ 48000 ஹெர்ட்ஸ். எக்ஸ்போர்ட் பண்ணி லூப்ல ஓட்டினா ஒவ்வொரு சுத்துலயும் கறுப்பா ஒரு வெட்டு தெரியுது. அப்புறம் இதை ஓட்டிப் பார்த்தேன்:

```
ffprobe -v error -show_entries stream=codec_type,duration,nb_frames -of compact out.mp4
```

வீடியோ 60.040 செகண்ட், 1501 ஃப்ரேம்னு சொல்லுது. ஆடியோ 60.053. 1500 தானே வரணும், அந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?

கதிர்:

இது ஆடியோ பிரச்சனைங்க. ஏஏசி எப்பவுமே வீடியோவை விடக் கொஞ்சம் நீளமாத்தான் முடியும், அந்த மிச்ச நேரத்துக்குக் காட்ட படம் இல்லாததால பிளேயர் கறுப்பு காட்டுது. `-shortest` போட்டு ஒரு தடவை எடுத்தா போயிடும். பேர் வேணும்னா "ஒலிவால்"னு ஒரே சொல் போதும், ரெண்டு எதுக்கு?

ஜெயந்தன்:

எனக்கும் இதே பிரச்சனைதான் ஆனா எனக்கு ஒரு ஃப்ரேம் எல்லாம் இல்ல, முழுசா 12 செகண்ட் கறுப்பு, சத்தமும் இல்ல, கல்யாண வீடியோ குடுத்தா கடைசியில ஃபைல் கெட்டுப்போச்சான்னு கேக்கறாங்க. ஃபேட் அவுட் போட்டதால இப்படி வருதான்னு அதைத் தூக்கிட்டும் பார்த்துட்டேன், அப்படியேதான் இருக்கு. எக்ஸ்போர்ட் செட்டிங்ல எதை மாத்தணும்?

தேவகி:

சொல் பத்தி மட்டும் சொல்றேன். ஃப்ரேமுக்குச் சட்டகம்னு ஏற்கனவே புழங்குது. "எச்சச் சட்டகம்"னு முதல்ல தோணுச்சு, ஆனா எச்சம்னதும் சிலருக்கு வினையெச்சம் நினைவு வரும், சிலருக்குப் பறவை நினைவு வரும், வேண்டாம். சொல்லோட கடைசி எழுத்தை ஈற்றெழுத்துன்னு சொல்றோம்ல, அதே மாதிரி "ஈற்றுக் கறுப்பு"ன்னு வைக்கலாம். சின்னது, பார்த்ததும் புரியும்.

சண்முகம்:

நிலாமதி, பேருக்கு முன்னாடி உங்க ஃபைல்ல என்ன நடந்திருக்குன்னு பார்த்துடலாம், ஏன்னா அதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு.

முதல்ல அந்த 1501. 25 ஃப்ரேம் டைம்லைன்ல எண்ணிக்கை 00:00:00:00ல ஆரம்பிக்குது. அப்போ ஒரு நிமிஷப் படத்தோட கடைசி ஃப்ரேம் 00:00:59:24ல இருக்கும், 00:01:00:00ல இல்ல. ஆனா கடைசி வெட்டுக்குத் தாவற பட்டனைத் தட்டினா பிளேஹெட் 00:01:00:00ல போய் நிக்கும், அதாவது கிளிப் முடிஞ்சதுக்கு அடுத்த ஃப்ரேம் மேல. திரையில அப்போ கறுப்புதான் தெரியும், அதை யாரும் கண்டுக்கறது இல்ல, முடிவுக்கு வந்துட்டோம்னு நினைச்சு அங்கேயே O தட்டி அவுட் குறி போட்டுடறோம். நிறைய எடிட்டர்கள்ல அவுட் குறி நிக்கிற ஃப்ரேமும் சேர்த்துத்தான் எக்ஸ்போர்ட் ஆகும். அதான் 1501.

சரி பண்றது ரொம்ப சுலபம். தாவின பிறகு இடது அம்புக்குறியை ஒரு தடவை தட்டுங்க, கடைசிப் படம் திரையில தெரியும், அப்போ O போடுங்க. எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடியே இதைக் கண்டுபிடிக்கலாம், இன்னுக்கும் அவுட்டுக்கும் நடுவுல உள்ள நீளத்தைக் காட்டற இடத்துல 00:01:00:00 இருக்கணும், 00:01:00:01 இருந்தா ஒரு ஃப்ரேம் கூட இருக்கு.

இப்போ கதிர் சொன்னது. ஆடியோ நீளமா முடியும்ங்கறது உண்மைதான், ஆனா இந்தக் கறுப்புக்கு அது காரணம் இல்ல. ஏஏசி ஒலியை 1024 சாம்பிள் கொண்ட பாக்கெட்டாத்தான் கட்டும். 48000 ஹெர்ட்ஸ்ல ஒரு பாக்கெட் 21.33 மில்லிசெகண்ட், ஒரு ஃப்ரேமோ 40 மில்லிசெகண்ட், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. நிலாமதியோட 60.04 செகண்டுக்கு 2881920 சாம்பிள், அதை 1024ஆல வகுத்தா 2814.375. கால் பாக்கெட் அரை பாக்கெட்னு எழுத முடியாது, அதனால 2815 ஆக்கி மீதி இடத்தை மௌனத்தால நிரப்பிடுது. 2815 பாக்கெட்டோட நீளம் 60.053 செகண்ட், ffprobe காட்டினதும் அதேதான். நீங்க எவ்ளோ கச்சிதமா 60 செகண்ட் வெட்டினாலும் 2812.5 பாக்கெட் வரும், அரை பாக்கெட் நிரப்பித்தான் ஆகணும். உண்மையான ஒலி எங்க முடியுதுன்னு ஃபைலுக்குள்ள ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம், அதை மதிக்கிற பிளேயரும் இருக்கு, மதிக்காததும் இருக்கு.

`-shortest` ஏன் உதவாதுன்னா, இருக்கறதுல குட்டியான ஸ்ட்ரீமோட அளவுக்கு அது வெட்டும். இங்க குட்டி வீடியோதான், 60.040. கறுப்பு ஃப்ரேம் அந்த வீடியோவுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு, அதனால கறுப்பை அப்படியே விட்டுடும்.

கதிர்:

சரிதான், 1501ஐக் கவனிக்கல. ஆனா ப்ராஜெக்ட் ஃபைல் கையில இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? நான் இதே மாதிரி ஒரு ஃபைல் எடுத்து `-t 60 -c copy` போட்டேன், ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுது, ஆனா எண்ணிப் பார்த்தா திரும்பவும் 1501. 60 செகண்ட்ல வெட்டுன்னு சொல்லியும் 60வது செகண்ட்ல இருக்கற ஃப்ரேம் எப்படி உள்ள வருது?

சண்முகம்:

நல்ல கேள்வி. எச்.264ல பி-ஃப்ரேம் இருந்தா டீகோட் ஆகற வரிசை வேற, திரையில வர்ற வரிசை வேற. கடைசியா தெரியிற கறுப்பு ஃப்ரேமைப் பார்த்துத்தான் அதுக்கு முந்தின பி-ஃப்ரேம்களை விரிக்க வேண்டியிருக்கும், அதனால ஃபைல்ல அது முன்னாடியே எழுதப்பட்டிருக்கும். காப்பி பண்ணும்போது ffmpeg டீகோட் நேரத்தை வெச்சுத்தான் எங்க நிறுத்தறதுன்னு பார்க்குது, அந்தக் கணக்குல கறுப்பு ஃப்ரேம் 60க்குள்ள வந்துடுது. காப்பியில வெட்டினா ஃபைலுக்கு ஃபைல் இப்படி ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் மாறும், அதை நம்பக் கூடாது. ப்ராஜெக்ட் இல்லன்னா மறுபடி என்கோட் பண்ணுங்க:

```
ffmpeg -i out.mp4 -t 60 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k final.mp4
```

தரம் கொஞ்சம் குறையும், 18ல கண்ணுக்குத் தெரியறது கஷ்டம். முடிஞ்சதும் மறக்காம nb_frames பாருங்க. கறுப்பு உள்ள இருக்கான்னு கண்ணால பார்க்கப் பொறுமை இல்லன்னா கடைசி ஒரு செகண்டை மட்டும் இப்படிச் சோதிக்கலாம், `pblack:100`னு ஒரு வரி வந்தா இருக்குன்னு அர்த்தம். படமே இருட்டுல முடிஞ்சாலும் அந்த வரி வரும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க:

```
ffmpeg -sseof -1 -i out.mp4 -vf blackframe -an -f null -
```

`blackdetect`னு இன்னொண்ணு இருக்கு, அது வழக்கமா 2 செகண்ட் கறுப்பு இருந்தாத்தான் வாயைத் திறக்கும், ஒத்தை ஃப்ரேமுக்கு அது வேண்டாம்.

ஜெயந்தன், உங்களுது இது எதுவுமே இல்ல. 12 செகண்ட்னா டைம்லைன்ல ஏதோ ஒரு துண்டு தூரத்துல கிடக்கு. டைம்லைன் முழுசும் தெரியிற மாதிரி ஜூம் பண்ணிட்டு End கீயைத் தட்டுங்க, பிளேஹெட் எங்க போய் நிக்குதோ அங்கதான் ஆள் இருக்கு.

ஜெயந்தன்:

கண்டுபிடிச்சிட்டேன் ஐயா. கீழ ஆறாவது ஆடியோ டிராக்ல, ஸ்க்ரோல் பண்ணாத்தான் தெரியிற இடத்துல, பாட்டை வெட்டி எடுத்தப்போ விழுந்த துணுக்கு ஒண்ணு, ஊசி மாதிரி ஒரே ஒரு கோடு. பாட்டோட கடைசி மௌனம் போல, அதான் சத்தமே வரல. அதை அழிச்சதும் சரியா முடியுது. என்னைக் கேட்டா "வெத்து வால்"னே வைக்கலாம், உடனே புரியும்.

தேவகி:

"வெத்து வால்" பேச்சுக்கு நல்லா இருக்கு, கையேட்டுல நிக்குமான்னு யோசிக்கணும். இவ்ளோ படிச்சதுல ஒண்ணு தெளிவாச்சு, ஆடியோ பாக்கெட்ல நிரப்பற மௌனத்துக்குத் தனிச் சொல் வேணும், அது தப்பால வர்றது இல்ல, அமைப்பாலயே வர்றது. "நிரப்பு மௌனம்"னு சொல்லலாமா? படத்துக்கு "ஈற்றுக் கறுப்பு"ங்கறதுல நான் உறுதியாத்தான் இருக்கேன்.

சண்முகம்:

"நிரப்பு மௌனம்" நல்லா இருக்கு, எடுத்துக்கலாம். ஆனா "ஈற்றுக் கறுப்பு" எனக்கு இடிக்குது தேவகி. நீளமான டைம்லைன்ல நடுவுல ஒரு பகுதியை மட்டும் இன் அவுட் போட்டு எடுக்கறாங்கன்னு வைங்க, அதே ஒரு ஃப்ரேம் தவறு நடந்தா கடைசியில வர்றது கறுப்பு இல்ல, அடுத்த ஷாட்டோட முதல் ஃப்ரேம். ஒருத்தர் முகம் சட்டுனு மின்னிட்டுப் போகும். காரணமும் ஒண்ணு, சரி பண்ற வழியும் ஒண்ணு, நிறம் மட்டும் வேற. அப்போ நிறத்தைப் பேர்ல வைக்கக் கூடாது. "மிகைச் சட்டகம்"னு வெச்சா ரெண்டும் அடங்கும், கணக்குக்கு மேல ஒண்ணு வந்திருக்குன்னு பேரே சொல்லிடும்.

கதிர்:

ஐயா, உதவிப் பக்கத்துக்கு வர்றவங்க தேடற பெட்டியில "கறுப்பு"ன்னுதான் அடிப்பாங்க, "மிகை"ன்னு யாரும் அடிக்க மாட்டாங்க. கண்ணுக்குத் தெரியறது தலைப்புல இல்லன்னா அந்தப் பக்கம் இருந்தும் யார் கைக்கும் கிடைக்காது.

நிலாமதி:

ஒரு ஃப்ரேம் பின்னாடி வந்து அவுட் போட்டு மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணேன், வீடியோ 60.000, 1500. லூப்ல கறுப்பு இல்ல. ஆடியோ 60.011 காட்டுது, அது அந்த அரை பாக்கெட்தான்னு இப்போ புரியுது. ஹெட்போன் போட்டுக் கேட்டா லூப் திரும்பற இடத்துல இசை இம்மியளவு தடுக்குது, அதுக்கு வழி இருந்தா யாராவது சொல்லுங்க.

கையேட்டுல தலைப்பு "முடிவில் வரும் கறுப்பு"ன்னு போட்டு, உள்ள "மிகைச் சட்டகம்", "நிரப்பு மௌனம்"னு ரெண்டையும் தனித்தனியா எழுதறேன். ஜெயந்தனோட துணுக்குக்கு மூணாவதா ஒரு சொல் வேணும், "வெத்து வால்" இப்போதைக்கு மேற்கோள் குறிக்குள்ள இருக்கட்டும். தேவகி அம்மா, மிகைச் சட்டகம் உங்களுக்குச் சம்மதமா?

தேவகி:

சண்முகம் சொன்ன அந்த முகம் மின்னற உதாரணத்துக்கு என்கிட்ட பதில் இல்ல, அதனால எதிர்க்கல. ஆனா முடிவுலதான் வருதுங்கறதை "மிகைச் சட்டகம்" சொல்லலையே, நடுவுல ரெண்டு கிளிப்புக்கு இடையில விழற ஒரு ஃப்ரேம் இடைவெளியையும் ஜனங்க அதே பேர்ல கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க, அதுக்கு அவுட் குறியை நகர்த்தினா ஒண்ணும் ஆகாது, இடைவெளியையே மூடணும். "ஈற்றுமிகை"ன்னு ஒட்டிப் பார்த்தேன், வாயில வருதான்னு நீங்கதான் சொல்லணும்.