ரிமோட் மைக் போட்டபின் ஆசிரியர் குரல் தெளிவு, சக மாணவர் குரல் மட்டும் கேட்பதில்லை: என்ன செய்யலாம்?

கேட்பவர் (தாய்):
என் மகளுக்கு வயது ஒன்பது. இரு காதிலும் கேட்புக் கருவி அணிகிறாள். இடது காதில் கேட்கும் திறன் சற்றுக் கூடுதல். பேசுபவர் குரலை நேரே கருவிக்கு அனுப்பும் ரிமோட் மைக்கை ஆசிரியை கழுத்தில் அணியத் தொடங்கியபின் பாடம் நன்றாகக் கேட்கிறது என்கிறாள். ஆனால் பின்னால் இருக்கும் பிள்ளைகள் பதில் சொல்வது முன்பு கேட்ட அளவுக்குக்கூட இப்போது கேட்கவில்லையாம். முதல் வரிசையின் நடுவில் அமர்கிறாள். கோளாறு கருவியிலா, இருக்கையிலா?

முதல் பதில்:
முதல் வரிசைதான் சிறந்தது, மாற்றாதீர்கள். கருவியின் சொந்த மைக்கை முழுதும் அணைத்துவிட்டு ஆசிரியையின் மைக்கை மட்டும் வைத்தால் இரைச்சல் குறையும்.

இரண்டாம் பதில்:
என் மகனுக்கும் இதே தொல்லை இருந்தது. கைப்பேசி அழைப்பு வரும்போதெல்லாம் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. கருவியைப் புதிதாக இணைத்ததும் சரியாயிற்று.

மூன்றாம் பதில் (கேட்பியல் நிபுணர்):
அம்மா, ஒலி விட்டுவிட்டு வருவதாக நீங்கள் சொல்லவில்லை. ஆகவே இணைப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சொந்த மைக்கை அணைப்பதால் இரைச்சல் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதோடு பக்கத்துப் பிள்ளையின் குரலும், தன் குரலும் அவளுக்குப் போய்விடும். ஆசிரியையின் குரல் தூக்கலாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொந்த மைக்கை ஓரளவு தாழ்த்தி அமைப்பது வழக்கம். உங்கள் மகளுக்கு அது அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கலாம்.

இதை வகுப்பிலேயே கண்டுபிடிக்கலாம். பின்வரிசைப் பிள்ளை ஒருவர் பத்து எளிய சொற்களை வாசிக்க, அவள் திரும்பிப் பார்க்காமல் திருப்பிச் சொல்லட்டும். ஆசிரியை பேசாமலிருக்க, முதலில் மைக்கை மியூட்டில் வைத்தும், பிறகு இயக்கி வேறு பத்துச் சொற்களைக் கொண்டும் செய்யுங்கள். இரண்டிலும் தவறினால் தூரமும் இரைச்சலும் காரணம். மியூட்டில் கேட்டு, இயக்கியபின் தவறினால் அமைப்பே காரணம்.

இருக்கையையும் மாற்றுங்கள். முதல் வரிசை நடுவில் எல்லா முகங்களும் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. மைக் ஆசிரியையின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருப்பதால், முன்னால் உட்கார வேண்டிய கட்டாயம் குறைகிறது. இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையில், அவளுடைய வலப்பக்கச் சுவரை ஒட்டி அமர்ந்தால் நன்றாகக் கேட்கும் இடது காது வகுப்பை நோக்கியிருக்கும். சற்றுத் திரும்பினால் பேசுபவரின் உதடும் தெரியும். அந்தச் சுவரில் தெருவோர ஜன்னல் இருந்தாலும் இரைச்சல் வலது காதுப் பக்கமே வரும். நேர்மேலே மின்விசிறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேட்பவர்:
மியூட்டில் எட்டுச் சொற்கள், இயக்கியபின் மூன்றே. கருவி பொருத்திய இடத்தில் சொந்த மைக்கின் அளவை உயர்த்தித் தந்தார்கள், இடமும் மாறிவிட்டது. நடு வரிசைகள் இப்போது கேட்கின்றன, கடைசி வரிசை கேட்கவில்லை. குழுவாகப் பேசும் நேரம் பெருங்குழப்பமாக இருக்கிறது.

மூன்றாம் பதில்:
கடைசி வரிசையை எந்த அமைப்பும் முழுதாக எட்டாது. பதில் சொல்பவர் கையில் மைக்கைக் கொடுக்கலாம். நேரமில்லையெனில் ஆசிரியை அந்தப் பதிலைத் தாமே ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். குழு நேரத்தில் மைக்கைக் கழற்றி மேசை நடுவே கிடத்துங்கள். சில மாடல்கள் அப்படி வைத்ததும் சுற்றிலும் கேட்கும் நிலைக்குத் தாமே மாறும், சிலவற்றில் கையால் மாற்ற வேண்டும்.

நான்காம் பதில் (ஆசிரியர்):
என் வகுப்பில் ஐந்து குழுக்கள் ஒரே சமயத்தில் பேசும்போது, மேசை மைக் பக்கத்து மேசைப் பேச்சையும் சேர்த்தே இழுக்கிறது. கருவி அணியும் குழந்தையின் குழுவை மட்டும் வராந்தாவுக்கு அனுப்பினால் கேட்கிறது, ஆனால் அவள் தனித்துவிடப்பட்டதாக உணர்கிறாள். இதற்கு வேறு வழி கண்டவர்கள் எழுதுங்கள்.